கிரான் வரியை மாற்றுகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் நாங்கள் நான்கு பேர் ஒரு சிறிய அலுவலகம் நடத்துகிறோம். கண்டாங்கிப் புடவைக் கடைகள், ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறைகள், கானாடுகாத்தான் பக்கம் தங்கும் விடுதியாக மாறிய இரண்டு மூன்று பெரிய வீடுகள் ஆகியவற்றின் கணக்கும் இருப்பும் எங்கள் சர்வர்களில் ஓடுகின்றன. இரவுக் கணக்கு, இருப்புச் சரிபார்ப்பு, பேக்கப் எல்லாம், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாகத்தான் நடக்கின்றன. அந்த வரிகளில் ஒருவர் மாற்றம் செய்தால், இன்னொருவர் பார்த்த பிறகே அது சர்வருக்குப் போகும். அப்படிப் பார்க்கும்போது எங்களுக்குள் எழுந்த கேள்விகளையும், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வரிதானே மாறியிருக்கிறது. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு புடவைக் கடைக்காக நாங்கள் எழுதிய வரியையே எடுத்துக்கொள்கிறேன். தவறு செய்தது நாங்கள்தான், அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

கடையை நடத்துபவர் ஓர் ஆச்சி. நேரில் விற்ற புடவையே இணையத்திலும் விற்றுப்போய்விடுகிறது என்பது அவருடைய குறை. அப்போது இருப்புச் சரிபார்ப்பு நாளுக்கு ஒரு முறை, அதிகாலை 2 மணிக்கு மட்டும் நடந்தது. "கடை திறந்திருக்கும் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, முக்கால் மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும், தம்பி" என்றார். எங்களில் ஒருவர் மாற்றினார், இன்னொருவர் பார்த்துச் சரி என்றார்:

```
-30 20 * * *     /opt/kadai/iruppu.sh
+*/45 9-21 * * * /opt/kadai/iruppu.sh
```

படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. 45 என்று இருக்கிறது, 9 இருக்கிறது, 21 இருக்கிறது. ஆச்சி சொன்ன எண்கள் ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் வரியைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அது எந்தெந்த மணிக்கு ஓடும் என்று ஒரு தாளில் எழுதினால் வேறு கதை தெரிகிறது. சர்வரின் கடிகாரம் யூடிசி. அதற்கும் நம் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம்.

```
UTC     IST
09:00   14:30
09:45   15:15
10:00   15:30
10:45   16:15
...
21:00   02:30
21:45   03:15
```

காலை ஒன்பதுக்குத் தொடங்க வேண்டியது பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்குகிறது. இரவு ஒன்பதோடு நிற்க வேண்டியது அதிகாலை மூன்றேகால் வரை போகிறது. முக்கால் மணி இடைவெளிக்குப் பதிலாக 45 நிமிடம், 15 நிமிடம், மறுபடி 45, மறுபடி 15 என்று நொண்டுகிறது. நம் நேரம் அதிகாலை 2:30-க்கு ஏற்கெனவே பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. அதே நிமிடத்தில் இதுவும் போய் இடிக்கிறது. ஒரு வரியில் நான்கு கோளாறு. தாளில் ஆறு நேரங்களை எழுத இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

`*/45` என்றால் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்பதுதானே பொருள்?

இல்லை. 0 முதல் 59 வரையுள்ள நிமிடங்களில், பூச்சியத்திலிருந்து 45, 45 ஆகத் தாவி விழும் எண்கள் என்பதே பொருள். அப்படி விழுபவை 0, 45 என்ற இரண்டு மட்டும். அடுத்த மணி பிறந்ததும் எண்ணிக்கை மறுபடி பூச்சியத்தில் தொடங்குகிறது. கடைசியாக எப்போது ஓடியது என்பது கிரானுக்கு நினைவில் இருப்பதே இல்லை; ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்க்கிறது, பொருந்தினால் ஓட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே அறுபதை மீதியின்றி வகுக்கும் எண்களுக்குத்தான் இந்தக் குறி சீராக வேலை செய்யும்: 5, 10, 12, 15, 20, 30 போன்றவை. மணிக் கட்டத்திலும் இதே கதைதான். `0 */5 * * *` என்று எழுதினால் 0, 5, 10, 15, 20 மணிக்கு ஓடி, நள்ளிரவில் நான்கு மணி இடைவெளியிலேயே அடுத்தது வந்துவிடும். மாற்றத்தில் `*/` கண்ணில் பட்டால் நான் முதலில் செய்வது இந்த வகுத்தல்தான்.

உண்மையிலேயே முக்கால் மணி இடைவெளி வேண்டும் என்றால் மூன்று மணிக்கு ஒரு சுற்றாகப் பிரித்து மூன்று வரிகள் எழுதலாம். எழுதலாமே தவிர, ஆறு மாதம் கழித்து அதைத் தொடுபவர் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிவிடுவார். நாங்கள் ஆச்சியிடமே கேட்டோம், அரை மணிக்கு ஒரு முறை என்றால் பரவாயில்லையா என்று. "அதற்கென்ன, இன்னும் நல்லதுதானே" என்றார். முக்கால் மணி என்பதில் அவருக்குப் பிடிவாதம் எதுவும் இருக்கவில்லை.

இணையத்தில் வரியைக் கொடுத்தால் விளக்கம் சொல்லும் தளங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா?

உதவும், பாதி வரை. கட்டங்களை இடம் மாற்றிப் போட்டிருந்தால் அங்கே சட்டென்று தெரியும். நிமிடக் கட்டத்தில் 0 போட மறந்து `* 2 * * *` என்று எழுதினால், இரண்டு மணியிலிருந்து 2:59 வரை அறுபது முறை ஓடும், அதையும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் உங்கள் சர்வர் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்பதும், வேலை முடிய எத்தனை நிமிடம் ஆகும் என்பதும், பக்கத்து வரியில் என்ன இருக்கிறது என்பதும் அந்தத் தளத்துக்குத் தெரியாது. `*/45`-ஐக் கொடுத்தால் வரும் விளக்க வாக்கியம் நாம் ஆசைப்பட்டதைப் போலவே ஒலிக்கும். விளக்க வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அடுத்து ஓடும் நேரங்களின் பட்டியல் தந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு வரிகளாவது.

இந்த ஐந்தரை மணி வித்தியாசத்தை எப்படிச் சமாளிப்பது? சர்வரையே நம் நேரத்துக்கு மாற்றிவிடலாமா?

சர்வர் முழுக்க முழுக்க நம் வேலைக்கு மட்டும் என்றால் மாற்றலாம். மாற்றிய பிறகு கிரானை மறுபடி தொடங்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் அது பழைய மண்டலத்திலேயே எண்ணிக்கொண்டிருக்கலாம். இப்போது எந்த மண்டலம் என்று பார்க்க `timedatectl` போதும்.

`CRON_TZ=Asia/Kolkata` என்று மேலே ஒரு வரி போட்டால் தீர்ந்தது என்று பலர் சொல்வார்கள். ரெட்ஹாட் குடும்பத்தில் வரும் கிரான் அதை மதிக்கும். டெபியன், உபுண்டு வழக்கமாகத் தரும் கிரான் மதிக்காது. பிழை என்றும் சொல்லாது. அதை வெறும் சூழல் மாறியாக எடுத்துக்கொண்டு பழைய நேரத்திலேயே ஓட்டும். மாற்றத்தைப் பார்ப்பவருக்கு இதைப் போன்ற கண்ணி வேறில்லை: எழுதியவரின் எண்ணம் எழுத்தில் இருக்கிறது, செயலில் இல்லை.

நாங்கள் சர்வரை யூடிசியிலேயே விட்டுவிட்டோம். பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு: ஒவ்வொரு கிரான் வரிக்கும் மேலே நம் நேரத்தைக் குறிப்பாக எழுத வேண்டும். குறிப்பும் வரியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மாற்றம் திரும்பிப் போகும். அரை மணி வித்தியாசம் இருப்பதால் கணக்கு கொஞ்சம் கோணலாக வரும். காலை 9 என்பது 3:30, இரவு 9 என்பது 15:30. இதைச் சுத்தமாக எழுத இரண்டு வரிகள் தேவை. ஒரே வரியில் எழுதினால் காலை 8:30-க்கு ஒரு முறை கூடுதலாக ஓடும். நாங்கள் ஒரே வரியைத்தான் எடுத்துக்கொண்டோம்:

```
# IST 08:30 - 21:00
0,30 3-15 * * * /opt/kadai/iruppu.sh
```

கடை திறப்பதற்கு அரை மணி முன்னால் இருப்பு ஒரு தடவை சரிபார்க்கப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை.

மாதத்தின் முதல் தேதி அதிகாலை 2 மணி என்று எப்படி எழுதுவது?

யூடிசியில் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள் 20:30. கடைசி நாள் 28, 29, 30, 31 என எதுவாகவும் இருக்கலாம். சாதாரண கிரான் எழுத்தில் "கடைசி நாள்" என்று சொல்ல வழியில்லை. நான்கு நாளும் எழுப்பி, நம் நேரத்தில் தேதி 01 தானா என்று கேட்டுவிட்டு ஓட்டுவதே நேர்வழி:

```
30 20 28-31 * * [ "$(TZ=Asia/Kolkata date +\%d)" = 01 ] && /opt/kadai/peredu.sh
```

`%` முன்னால் இருக்கும் சாய்கோட்டைக் கவனியுங்கள். அது இல்லையென்றால் கிரான் அந்த இடத்திலேயே கட்டளையை வெட்டிவிடும். ஸ்கிரிப்டுக்குள்ளும் தேதி எடுக்கும் இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்: யூடிசி தேதியை எடுத்தால், ஜூலை பேரேட்டை முடிக்க வந்தது ஜூலை 31 இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

முதல் திங்கட்கிழமைக்கு `0 4 1-7 * 1` எழுதினேன். ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டிலும் எண் இருந்தால் கிரான் "இதுவும் அதுவும்" என்று எடுத்துக்கொள்வதில்லை, "இதுவோ அதுவோ" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. 2026 ஜூலையை வைத்துப் பாருங்கள். முதல் திங்கள் 6-ஆம் தேதி. உங்கள் வரி 1 முதல் 7 வரை தினமும் ஓடும், பிறகு 13, 20, 27 ஆகிய திங்கள்களிலும் ஓடும். ஒரு முறைக்குப் பதிலாகப் பத்து முறை. தேதியை மட்டும் கிரானிடம் விட்டுவிட்டு, கிழமையை மேலே காட்டியது போலக் கட்டளைக்குள் சோதியுங்கள்: `[ "$(date +\%u)" = 1 ]`.

முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் கிரான் அடுத்ததைத் தொடங்காது அல்லவா?

தொடங்கும். நூறு ஓட்டங்கள் முடியாமல் கிடந்தாலும் நூற்றொன்றாவதைத் தொடங்கும். பெட்டியடியில் இருப்பவர் பணத்தை எண்ணி முடிக்கும் முன்பே அடுத்தாள் வந்து அதே பணத்தை எண்ணத் தொடங்கினால் கணக்கு என்ன ஆகும்? எங்களுக்கு ஆனது அதுதான்.

ஆச்சியின் இருப்பு ஸ்கிரிப்ட் வழக்கமாக 11 நிமிடத்தில் முடியும். இன்னும் இருப்பில் கழிக்காத ரசீதுகளை முதலில் எடுக்கும், ஒவ்வொன்றாகக் கழிக்கும், எல்லாம் முடிந்த பிறகுதான் "கழித்தாயிற்று" என்று குறிக்கும். 45, 15 என்று நொண்டிய அந்த வரியில் மிகக் குறுகிய இடைவெளி 15 நிமிடம். 11 நிமிட வேலை அதற்குள் அடங்கிவிட்டது. நாங்கள் சோதித்தபோதும் அடங்கியது. பிற்பகலுக்குப் பிறகாவது இருப்பு சரியாக வருகிறதே என்று கடையிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தீபாவளி நெருங்க, ரசீதுகள் கூடின. 11 நிமிடம் 19 ஆயிற்று. ஸ்கிரிப்ட் எழுதிய பதிவில் இப்படி இருந்தது:

```
09:45:01 4127 start
10:00:01 4188 start
10:04:12 4127 end
10:19:40 4188 end
```

இரண்டு தொடக்கங்கள் அடுத்தடுத்து, நடுவில் முடிவு இல்லை. முதல் ஓட்டம் குறி போடுவதற்கு நான்கு நிமிடம் முன்பே இரண்டாவது வந்து, அதே ரசீதுகளை எடுத்து மறுபடி கழித்திருக்கிறது. ஆச்சி தொலைபேசியில் அழைத்தார்: "அலமாரியில் ஆறு புடவை என் கண் முன்னால் இருக்கிறது, தம்பி. உங்கள் கணினி ஒன்றுகூட இல்லை என்கிறதே?" விற்காத புடவையை விற்றதாகக் கழித்துவிட்டோம். இணையத்தில் அது இருப்பு இல்லை என்று தெரிந்தது. பண்டிகை நேரத்து விற்பனை கொஞ்சம் போயிற்று.

அப்படியானால் ஒரு மாற்றத்தில் மோதல் வருமா என்று எதை வைத்துச் சொல்வது?

இரண்டு எண்களை வைத்து: அடுத்தடுத்த இரண்டு தொடக்கங்களுக்கு நடுவில் உள்ள மிகக் குறுகிய இடைவெளி, வேலை எடுத்துக்கொண்ட மிக நீண்ட நேரம். சராசரியைப் பார்க்காதீர்கள். சராசரி 11 நிமிடம்தான் எங்களைக் கவிழ்த்தது. நீண்ட நேரத்தைப் பண்டிகைக் கால நாட்களிலிருந்தோ மாதக் கடைசியிலிருந்தோ எடுங்கள். அது குறுகிய இடைவெளியின் பாதிக்கு மேல் போனால் நான் கேள்வி கேட்பேன். இது என் சொந்த அளவுகோல், எந்த நூலிலும் இல்லை.

வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் கிரானின் பதிவிலிருந்து எடுக்க முடியாது. `grep CRON /var/log/syslog` தொடக்கங்களை மட்டும் காட்டும், முடிவைக் காட்டாது. அதனால்தான் எங்கள் ஸ்கிரிப்டுகள் தொடக்கத்தையும் முடிவையும் தாமே எழுதுகின்றன. அந்தப் பதிவு இல்லாத வேலையின் இடைவெளியைக் குறுக்கும் மாற்றம் வந்தால், முதலில் ஒரு வாரம் பதிவு எடுங்கள் என்று திருப்பி அனுப்புகிறோம்.

வேறு வேறு வேலைகள் ஒன்றோடொன்று மோதுவதையும் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்றும் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றும் இருந்தால் மணி பிறக்கும்போதும் அரை மணியிலும் இரண்டும் சேர்ந்தே தொடங்கும். எல்லாரும் பூச்சியம் போட்டே எழுதுவதால் மணி பிறக்கும் நிமிடத்தில் சர்வர் மூச்சு வாங்கும். ஒரே தரவைத் தொடாத வேலைகளுக்கு 0-க்குப் பதில் 7, 13, 22 என்று ஏதாவது கொடுத்தால் போதும். ஒரே தரவைத் தொடுபவற்றுக்கு நிமிடத்தைத் தள்ளிவைப்பது மட்டும் போதாது, பூட்டு வேண்டும்.

பூட்டு என்றால் `flock` தானே? அதைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்ததா?

மோதல் தீரும். இப்போது எங்கள் வரி இது:

```
0,30 3-15 * * * flock -n -E 75 /run/lock/iruppu.lock /opt/kadai/iruppu.sh
```

உள்ளே ஆள் இருந்தால் வளவுக் கதவைத் தட்டாமல் திரும்பிவிடு என்பது `-n`. சற்று நேரம் திண்ணையில் காத்திருக்கச் சொல்ல வேண்டுமானால் `-w 300` என்று நொடிகளைக் கொடுக்கலாம். பூட்டைக் கவனிப்பது கெர்னல் என்பதால், ஸ்கிரிப்ட் நடுவில் செத்துப்போனாலும் பூட்டு தானே விடுபடும். கோப்பு அங்கேயே கிடக்கும். அதை அழிக்கும் வரியை யாராவது "சுத்தம் செய்கிறேன்" என்று சேர்த்தால் மறுத்துவிடுங்கள். அழித்த பிறகு வருபவர் அதே பெயரில் புதுக் கோப்பு உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்வார், பழையவரும் உள்ளேயே இருப்பார்.

`-E 75` எதற்கு? பூட்டு கிடைக்காமல் திரும்பினால் வெளியேறும் எண் வழக்கமாக 1. ஸ்கிரிப்ட் தானே தோற்றாலும் பெரும்பாலும் 1. எது எது என்று பிரிக்கத்தான் 75. இந்த எண் நாளுக்கு ஒன்றிரண்டு முறை வந்தால் விட்டுவிடலாம். ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் இடைவெளியே தவறு. பூட்டு அதை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு எல்லைகள் உண்டு. ஸ்கிரிப்ட் பின்னணியில் எதையாவது ஓடவிட்டுப் போனால் பூட்டு அதனிடமே தங்கிவிடும். அப்போது `-o` சேர்க்க வேண்டும். `/run/lock` அந்த ஒரு சர்வருக்கு மட்டும் உரியது. ஒரே கிரான்டேப்பை இரண்டு சர்வர்களில் வைத்தால் இரண்டும் தனித்தனியே பூட்டிக்கொண்டு ஒரே தரவில் கை வைக்கும்.

குபர்னெட்டீஸில் இதெல்லாம் தேவையா?

அதே கேள்விகள்தான், எழுதும் இடம் வேறு. `concurrencyPolicy` குறிப்பிடாவிட்டால் `Allow`, அதாவது மோதட்டும் என்று பொருள். `Forbid` என்று எழுதுங்கள். `timeZone: "Asia/Kolkata"` 1.27 பதிப்பிலிருந்து நிலையான வசதி.

கடையிலேயே இருக்கும் கணினியில் கிரான் ஓடுகிறது. மின்சாரம் போய்விட்டால்?

போன நேரத்து வேலை போனதுதான், கிரான் திரும்பிப் பார்க்காது. அரை மணிக்கு ஒரு முறை ஓடுவதற்கு அது பெரிதல்ல. நாளுக்கு ஒன்று என்றால் சிஸ்டம்டி டைமரில் `Persistent=true` போட்டு எழுதுங்கள். கணினி எழுந்ததும் விட்டதை ஒரு முறை ஓட்டும். முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்போது அதே பணியை அது இன்னொரு முறை தொடங்காது என்பது கூடுதல் வசதி.

பிள்ளையார்பட்டிக்கு வருபவர்கள் சதுர்த்தியன்று எங்கள் விடுதியில் நிறையத் தங்குகிறார்கள். அந்த நாளுக்கு முன்தினம் மட்டும் ஒரு பட்டியல் தானாக வரும்படி கிரானில் எழுத முடியுமா?

திதி கிரானுக்குத் தெரியாது. ஆங்கிலத் தேதியும் கிழமையும் மட்டுமே தெரியும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டின் தேதிகளை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். கிரான் தினமும் ஒரு முறை எழுப்பட்டும். நாளைய தேதி கோப்பில் இருந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் பட்டியலை அனுப்பட்டும். ஆண்டு முடிவில் கோப்பும் முடிந்துவிடும் என்பதால், தேதிகள் தீர்ந்தால் சத்தம் போடவும் சொல்லிவையுங்கள்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று. எப்போது சர்வரில் போடுவது?

பழைய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதைப் பார்த்துவிட்டு. இரவு 11 மணிக்கு ஓடிய நாள்முடிவுக் கணக்கை அதிகாலை 2 மணிக்கு மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். காலை பத்து மணிக்கு மாற்றம் போனால், கடைசி ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் 27 மணி நேரம். இன்றைய தேதியில் ஓட்டமே இல்லை. எதிர்த்திசையில், 2 மணியிலிருந்து 11 மணிக்கு மாற்றினால், ஒரே தேதியில் இரண்டு ஓட்டம். ஸ்கிரிப்ட் "இன்றைய தேதி" என்று எடுத்துக் கணக்கை முடிப்பதாக இருந்தால், ஒன்றில் ஒரு நாள் விடுபடும், மற்றதில் ஒரு நாள் இரட்டிக்கும். எந்தத் தேதிக்கு என்பதைக் கட்டளையிலேயே கொடுத்து ஓட்ட வழி இருந்தால், விடுபட்டதைக் கையால் ஓட்டிக்கொள்ளலாம்.

வரியை மாற்றுவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம். பூட்டு இல்லாத பழைய வரியில் தொடங்கிய ஓட்டம் இன்னும் உள்ளே இருக்க, பூட்டுள்ள புதிய வரி காலியாக இருக்கும் பூட்டைப் பிடித்துக்கொண்டு நுழைந்துவிடும். ஆச்சியின் கடைக்குத் திருத்திய வரியைப் போட்ட அன்று அதற்காகவே காத்திருந்தோம். `pgrep -f iruppu.sh` எதையும் காட்டாத வரை `crontab` பக்கம் போகவில்லை. போவதற்கு முன் `crontab -l` தந்ததை ஒரு கோப்பில் எடுத்துவைத்தோம். விசைப்பலகையில் `-e`-க்குப் பக்கத்திலேயே இருக்கும் `-r` ஒரு கேள்வியும் கேட்காமல் முழு கிரான்டேப்பையும் அழித்துவிடும்.